பத்தில் ஒன்றைப் பத்தால் பெருக்கினால்…

மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகிற பேருந்து. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஒருவர் சாலையோரக் கடையின் பெயர்ப்பலகையைச் செல்போனில் படம் எடுக்கிறார். மாலை வெளிச்சம் என்பதால் கேமராவின் ஷட்டர் நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்கிறது. அதற்குள் பேருந்து 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. பலகையின் 1 சென்டிமீட்டர் அகலம் படத்தில் ஒரு பிக்சலாக விழுகிறது என்று வைத்துக்கொண்டால், பலகையின் ஒவ்வொரு புள்ளியும் பக்கவாட்டில் 10 பிக்சல் நீளத்துக்கு இழுபட்டிருக்கும். எழுத்துகள் எல்லாம் ஒன்றோடொன்று கரைந்துபோயிருக்கும்.

இந்த மங்கலில் மர்மம் ஒன்றும் இல்லை. படத்தின் ஒவ்வொரு பிக்சலும், அந்த வரிசையில் அடுத்தடுத்து இருந்த பத்துப் பிக்சல்களின் சராசரி, அவ்வளவுதான். நடந்த கணக்கு தெரியும் என்றால் அதைத் திருப்பிப் போட்டுப் பழைய படத்தை மீட்டுவிடலாமே என்று தோன்றும். ‘இன்வெர்ஸ் ஃபில்டர்’ என்ற முறை செய்யப் பார்ப்பது அதைத்தான்.

அதற்கு ஃபூரியே கணிதம் கைகொடுக்கிறது. எந்தப் படத்தையும், அகலமும் நெருக்கமுமான வெவ்வேறு கோட்டு வரிசைகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்ததாகப் பிரித்துவிடலாம். வெளிச்சமும் இருட்டும் அலைபோல ஏறி இறங்கும் வரிசைகள் இவை. நம் பேருந்து மங்கல் ஒரு வரிசையை வேறொன்றாக மாற்றுவதில்லை. அதன் அழுத்தத்தை மட்டும் குறைக்கிறது. 40 பிக்சலுக்கு ஒருமுறை திரும்ப வரும் அகலமான கோடுகளில் 90 சதவீத அழுத்தம் தப்பிவிடுகிறது. 20 பிக்சல் கோடுகளில் 64 சதவீதம் மிஞ்சும். 11 பிக்சல் கோடுகளில் சரியாகப் பத்தில் ஒரு பங்குதான். 9 பிக்சல் கோடுகளிலும் பத்தில் ஒரு பங்கு, ஆனால் அங்கே வெள்ளை இருந்த இடத்தில் கறுப்பும் கறுப்பு இருந்த இடத்தில் வெள்ளையும் வந்து உட்கார்ந்துவிடும். மங்கிய படத்தில் சில எழுத்துகளின் ஓரங்கள் தலைகீழாகத் தெரிவது இதனால்தான்.

ஆக, வழி எளிது: பத்தில் ஒன்றாகக் குறைந்ததைப் பத்தால் பெருக்கு, 64 சதவீதமாகக் குறைந்ததை 0.64 ஆல் வகு, தலைகீழானதைத் திருப்பி வை. எல்லா வரிசைகளுக்கும் இதைச் செய்து மறுபடி ஒன்று சேர்த்தால் தெளிவான படம் கிடைக்க வேண்டும்.

கிடைப்பது என்னவோ பொரிப்பொரியான ஒரு பரப்பு. பெரும்பாலும் இழுபட்ட திசைக்குக் குறுக்கே வரிவரியாகக் கோடுகள் ஓடும். பெயர்ப்பலகை அதற்குள் எங்கோ புதைந்திருக்கும். மங்கிய படமே தேவலை என்று தோன்றும்.

குற்றவாளி இரைச்சல். மங்கல் கேமராவுக்கு வெளியே நடந்தது. இரைச்சல் அதற்குப் பிறகு கேமராவுக்குள் சேர்ந்தது. ஒளித்துகள்கள் எண்ணிக்கையில் சீராக வருவதில்லை, சென்சாரின் மின்சுற்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் தடுமாற்றத்தைச் சேர்க்கிறது. கடைசியில் ஒவ்வொரு அளவும் 0 முதல் 255 வரையுள்ள முழு எண் ஒன்றாகச் சுருக்கி எழுதப்படுகிறது. மங்கல் குறைத்தது படத்தை மட்டும்தான், பின்னால் வந்த இரைச்சலை அது தொடவே இல்லை. ஆனால் இன்வெர்ஸ் ஃபில்டருக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. கேட்காத பாட்டுக்காக ரேடியோவின் வால்யூமைக் கூட்டினால் கரகரப்பும் சேர்ந்தே கூடுமே, அந்தக் கதைதான்.

எண்களில் பார்க்கலாம். 11 பிக்சல் கோடுகளின் அழுத்தம் அசல் பலகையில் 50 என்று கொள்வோம். படத்தில் பதிவானது 5. அந்த வரிசையில் சேர்ந்த இரைச்சலின் அளவு 1. பத்தால் பெருக்கினால் 50 திரும்பக் கிடைக்கும், கூடவே இரைச்சல் 10 ஆகும். இது பரவாயில்லை. ஆனால் அசல் அழுத்தம் வெறும் 5 என்றால்? பதிவானது 0.5, இரைச்சல் 1. பத்தால் பெருக்கினால் 5 உடன் 10 அளவு இரைச்சல் வரும். படத்தைவிட இரைச்சல் இரண்டு மடங்கு. சரியாக 10 பிக்சல் கோடுகளின் நிலைமை இன்னும் மோசம். அங்கே ஒவ்வொரு சராசரியும் ஒரு முழு அலையை விழுங்கிவிடுவதால் மிஞ்சுவது சுழியம். சுழியத்தால் வகுக்க முடியாது. அதற்கு மிக அருகிலுள்ள வரிசைகளில் நூறு, ஆயிரம் என்று பெருக்க வேண்டி வருகிறது. குறுக்குக் கோடுகள் முளைக்கும் இடம் அதுதான்.

கணினியிலேயே ஒரு படத்தை மங்கவைத்து, தசமப் புள்ளிகளை அப்படியே வைத்துக்கொண்டு, சுழியம் எதுவும் இல்லாத மங்கலாகவும் இருந்துவிட்டால், இன்வெர்ஸ் ஃபில்டர் அசலை அச்சுப் பிசகாமல் மீட்டுத் தரும். அதே படத்தை முழு எண்களாகச் சுருக்கிவிட்டுச் செய்தால் சிதறிவிடும். கண்ணுக்குத் தெரியாத அரை எண் வித்தியாசமே போதும்.

இந்தச் சிக்கலுக்கான விடை புகைப்படக் கலையிலிருந்து வரவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த கணித அறிஞர் நார்பர்ட் வீனர், விமான எதிர்ப்புப் பீரங்கிக்குக் குறி சொல்லும் வேலையில் இறங்கினார். ரேடார் தரும் தடுமாற்றம் நிறைந்த தகவலிலிருந்து விமானம் அடுத்து எங்கே இருக்கும் என்று கணிக்க வேண்டும். 1942-இல் அவர் எழுதிய அறிக்கை ரகசியமாக வைக்கப்பட்டு, 1949-இல்தான் புத்தகமாக வெளியானது. ரஷ்யாவில் கோல்மகோரவ் ஏறக்குறைய அதே காலத்தில் தனியாக இதே கருத்தை எட்டியிருந்தார். மங்கிய படங்களை மீட்க இதைப் பயன்படுத்தும் வழியை 1967-இல் கார்ல் ஹெல்ஸ்ட்ராம் வகுத்துக் காட்டினார்.

வீனரின் கேள்வியே வேறு. ‘அசலை எப்படித் திருப்புவது?’ என்று அவர் கேட்கவில்லை; ‘சராசரியாகப் பிழை மிகக் குறைவாக இருக்க எவ்வளவு பெருக்க வேண்டும்?’ என்று கேட்டார். மங்கல் மிச்சம் வைத்த பங்கை H என்றால், இன்வெர்ஸ் ஃபில்டர் பெருக்குவது 1/H ஆல். நம் பேருந்துப் படத்துக்கு வீனர் முறை பெருக்குவது இதனால்:

```
H / (H² + K)
```

K என்பது அந்தக் கோட்டு வரிசையில் இரைச்சலின் ஆற்றலைப் படத்தின் ஆற்றலால் வகுத்து வருவது. அழுத்தம் 50, இரைச்சல் 1 என்றால் K என்பது 1/2500. பெருக்கும் எண் 10-க்குப் பதில் 9.6, கிட்டத்தட்ட பழைய கணக்குதான். அழுத்தம் 5 என்றால் K என்பது 1/25. பெருக்கும் எண் 2 ஆகச் சரிந்துவிடுகிறது. 5 இருக்க வேண்டிய இடத்தில் 1 தான் வரும், இரைச்சல் 2 இருக்கும். மொத்தப் பிழை சுமார் 4.5. இன்வெர்ஸ் ஃபில்டரின் பிழை 10. அந்த வரிசையை முழுவதும் கைவிட்டிருந்தால் பிழை 5. சும்மா இருப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல் என்றாலும் கெடுதல் செய்யவில்லை. சுழிய இடத்தில் H-உம் சுழியம், ஆகவே பெருக்கும் எண்ணும் சுழியம். கிடைக்காததைத் தேடிப் போகாமல் விட்டுவிடுகிறது.

நடைமுறையில் அசல் படம் கையில் இல்லாததால் K-யைத் துல்லியமாக அறிய வழியில்லை. பலரும் ஒரே எண்ணைப் படம் முழுவதற்கும் போட்டு, ஏற்றி இறக்கிப் பார்க்கிறார்கள். பொரி மிகுந்தால் K போதவில்லை, மங்கல் அப்படியே நின்றால் K கூடிவிட்டது. எழுத்துகளின் அருகே இரட்டை நிழல் விழுந்தால் K-யைக் குறை சொல்லிப் பயனில்லை. இழுபட்ட நீளத்தைத் தவறாகக் கணித்திருக்கிறார்கள், 10-க்குப் பதில் 12 என்று போட்டிருக்கலாம். மேட்லேப் மென்பொருளின் `deconvwnr` கட்டளையில் இந்த எண்ணைக் கொடுக்காமல் விட்டால் அது சுழியம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டு, வீனர் ஃபில்டர் பழைய இன்வெர்ஸ் ஃபில்டராகவே மாறிவிடும்.

தொலைந்த 10 பிக்சல் கோடுகளை வீனராலும் மீட்க முடியாது என்பதால், 2006-இல் ரமேஷ் ராஸ்கர், அமித் அகர்வால், ஜாக் டம்ப்ளின் மூவரும் படம் எடுக்கும் முறையிலேயே கைவைத்தார்கள். ஷட்டரைத் தொடர்ந்து திறந்து வைக்காமல், 52 பிரிவுகள் கொண்ட ஒரு குறிப்பிட்ட வரிசையில் திறந்து மூடினார்கள். அப்படி எடுத்த படத்தில் எந்தக் கோட்டு வரிசையும் சுழியமாவதில்லை. ஓடும் வாகனத்தை எடுத்த மங்கல் படத்தையும் பேரளவில் தெளிவாக்க முடிந்தது. ஷட்டர் ஏறத்தாழ பாதி நேரம் மூடியே இருப்பதால் வெளிச்சத்திலும் பாதி போய்விடுகிறது.