ஆண்டு தெரியாத மேற்கோள்

இளைஞர் என்பவர் யார்? 2003-ஆம் ஆண்டு தேசிய இளைஞர் கொள்கை, 13 முதல் 35 வயது வரை உள்ளவர் என்றது. 2014-ஆம் ஆண்டுக் கொள்கை அதை 15 முதல் 29 வரை என்று சுருக்கியது. ஐ.நா. புள்ளிவிவரங்களில் 24 வயதோடு இளமை முடிந்துவிடும். எனவே இளைஞர் பிரச்சினை பற்றிய ஆய்வுக் கட்டுரையில் "தேசிய இளைஞர் கொள்கையின்படி" என்று மட்டும் ஒரு வரி வந்தால், எந்த ஆண்டுக் கொள்கை என்று தெரியாமல் அதை நம்பவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

மேற்கோள் முறையைத் தேர்ந்தெடுக்கும்போது இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இலக்கியத் துறையினர் விரும்பும் எம்எல்ஏ முறையில் (சட்டமன்ற உறுப்பினருக்கும் இதற்கும் தொடர்பில்லை) வரிக்குள் ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் வரும், ஆண்டு வராது. மருத்துவ இதழ்களின் வான்கூவர் முறையில் வெறும் எண் மட்டும்தான். அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ முறையில் ஆசிரியரும் ஆண்டும் வரியிலேயே நிற்கும். துறையோ இதழோ வேறொன்றைக் கட்டாயமாக்காதவரை, இளைஞர் ஆய்வுக்கு ஏபிஏவே பொருத்தம் என்பது என் கருத்து. 2019 இறுதியில் வெளிவந்த ஏழாம் பதிப்பைப் பின்பற்றுங்கள்.

பதிப்பைக் குறிப்பிட்டுச் சொல்லக் காரணம் இருக்கிறது. பலருடைய கட்டுரைகளில் கலப்படம் நேர்வது இரண்டு முறைகளுக்கு இடையில் அல்ல, ஒரே முறையின் இரண்டு பதிப்புகளுக்கு இடையில்தான். மூன்று பேர் எழுதிய நூலை முதல்முறை குறிப்பிடும்போது மூவர் பெயரையும் எழுதச் சொன்னது ஆறாம் பதிப்பு. ஏழாவதில் முதல் தடவையே "மற்றும் பலர்" போதும். பதிப்பகத்தின் ஊரையும் ஏழாம் பதிப்பு நீக்கிவிட்டது. உங்கள் பட்டியலில் சில நூல்களுக்கு ஊர் இருந்து சிலவற்றுக்கு இல்லை என்றால், பழைய கட்டுரைகளிலிருந்து அப்படியே நகலெடுத்திருக்கிறீர்கள் என்று பொருள். தேர்வாளரின் கண் முதலில் அங்கேதான் போகும்.

ஒரு மாணவி, படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்களைப் பற்றி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கிரெய்க் ஜெஃப்ரியின் 'டைம்பாஸ்' நூலைத் தவிர்க்க முடியாது. மீரட்டில் காத்திருப்பையே வாழ்க்கையாக்கிக்கொண்ட மாணவர்களைப் பற்றியது அது. அதே ஜெஃப்ரி, பட்ரீசியா, ரோஜர் என்ற இருவரோடு சேர்ந்து 2008-இல் எழுதிய நூலும் தேவைப்படும். பட்டியலில் இரண்டும் இப்படித் தொடங்கும்:

```
Jeffrey, C. (2010).
Jeffrey, C., Jeffery, P., & Jeffery, R. (2008).
```

எழுத்துகளைக் கூர்ந்து பாருங்கள். கிரெய்க்கின் பெயரில் r முந்தி வருகிறது, மற்ற இருவர் பெயரில் e முந்தி வருகிறது. இது அச்சுப்பிழை என்று நினைத்து மூன்றையும் ஒன்றாக்கிவிடுபவர்கள் உண்டு. வரிசையும் குழப்பும். 2008 முன்னால் வர வேண்டாமா என்று தோன்றும். முதல் ஆசிரியர் ஒருவரே என்றால், அவர் தனியாக எழுதியது முதலில், கூட்டாக எழுதியது பிறகு என்பதே ஏபிஏ விதி. ஆண்டு வரிசை ஒரே ஆசிரியரின் நூல்களுக்குள் மட்டும்தான்.

அரசு ஆவணங்களில் தொல்லை வேறுவிதம். ஓரிடத்தில் "இந்திய அரசு" என்றும் இன்னோரிடத்தில் "இளைஞர் விவகாரங்கள் மற்றும் விளையாட்டு அமைச்சகம்" என்றும் எழுதினால், ஒரே அமைச்சகத்தின் இரண்டு கொள்கைகள் பட்டியலின் இரு மூலைகளுக்குப் போய்விடும். அமைச்சகத்தின் பெயரையே ஆசிரியராக எங்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஸொட்டேரோ போன்ற மென்பொருளில் அமைச்சகப் பெயரைத் தனிநபர் பெயருக்கான இரட்டைக் கட்டத்தில் இட்டால், அதையும் குடும்பப் பெயர், இனிஷியல் என்று வெட்டிவிடும். ஒற்றைக் கட்டத்துக்கு மாற்றிவிட்டு உள்ளிட வேண்டும்.

நேர்காணல்களை மட்டும் இந்த வரிசையில் சேர்க்கக் கூடாது. தன் ஆய்வில் பங்கேற்ற இளைஞர்கள் சொன்னதை மாணவி மேற்கோள் காட்டும்போது, ஏபிஏ முறையில் அதற்குப் பட்டியல் பதிவு கிடையாது. புனைபெயரோடு, ஆய்வுக்காகச் சொன்னது என்பது தெரியும்படி உரையிலேயே எழுதினால் போதும். பெயர், நாள், ஊர் என்று பட்டியலிட்டால், காத்துத் தருவதாகச் சொன்ன அடையாளத்தை நாமே காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

கட்டுரையை ஒப்படைக்கும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. உரையில் உள்ள ஒவ்வொரு அடைப்புக்குறியையும் பட்டியலோடு ஒப்பிட்டு, இருப்பதை டிக் செய்யுங்கள். பிறகு பட்டியலிலிருந்து உரைக்குத் திரும்பி வாருங்கள். டிக் விழாத பதிவுகள் படிக்காமலே சேர்த்தவை, அவற்றை நீக்கிவிடுங்கள்.