வாஷிங் மெஷின் ஏன் நடக்கிறது?

துவைக்கும்வரை சாதுவாக இருந்த மெஷின், ஸ்பின் தொடங்கியதும் தடதடவென்று ஆடி, சுவரோரத்தை விட்டு ஓரடி முன்னால் வந்து நிற்கிறது. புதிதாக வாங்கியதும் அல்லது வீடு மாறியதும் இப்படி நடந்தால், முதலில் பார்க்க வேண்டியது மெஷினின் பின்பக்கத்தை.

ஃப்ரன்ட் லோடு மெஷினில் துணி சுற்றும் டிரம், டப் என்ற தொட்டிக்குள் இருக்கிறது. அந்தத் தொட்டி மேலே ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. கீழே ஷாக் அப்சார்பர்கள் அதன் ஆட்டத்தை அடக்குகின்றன. எளிதில் அசையாதிருக்கத் தொட்டியில் கனமான கான்கிரீட் கட்டிகளும் பூட்டியிருக்கும். இத்தனை ஏற்பாடு ஏன்? நிமிடத்துக்கு 1200 சுற்று சுற்றும் டிரம்மில் அரைக் கிலோ துணி ஒரே பக்கம் திரண்டால், ஏறக்குறைய 200 கிலோ எடைக்கு ஈடான விசை சுற்றிச் சுற்றி இழுக்கும். தொட்டி தாராளமாக ஆட முடிந்தால் அந்த இழுப்பில் பெரும்பகுதி உள்ளேயே அடங்கிவிடும்.

லாரியில் வரும்போது தொட்டி ஆடி உடையாமலிருக்க, பின்பக்கத்தில் மூன்று அல்லது நான்கு நீளமான போல்ட்டுகளால் அதை இறுக்கி வைக்கிறார்கள். இவற்றுக்கு டிரான்சிட் போல்ட் என்று பெயர். இவற்றைக் கழற்றாமல் ஓட்டினால் இழுப்பு முழுவதும் வெளிக்கூட்டுக்கும் கால்களுக்கும் போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மெஷின் ஒரு கணம் மேலே தூக்கப்பட்டுத் தரைப்பிடி தளர்கிறது. அதே கணத்தில் பக்கவாட்டு இழுப்பு அதை நகர்த்துகிறது.

கண்டுபிடிப்பது எளிது. மின்சாரத்தைத் துண்டித்து, கதவைத் திறந்து, டிரம்மின் மேல் விளிம்பைக் கையால் தள்ளுங்கள். டிரம் மட்டும் அசைந்தால் சரி. மெஷினே சேர்ந்து ஆடினால் போல்ட்டுகள் உள்ளேதான் இருக்கின்றன. ஸ்பேனரால் தளர்த்தி, பிளாஸ்டிக் உறையோடு உருவி, துளைகளை மூடியால் அடையுங்கள். அடுத்த முறை வீடு மாறும்போது அதே போல்ட்டுகள் வேண்டும், எறிந்துவிடாதீர்கள்.

போல்ட் இல்லாமலும் ஆடுகிறதா? மெஷினின் எதிரெதிர் மூலைகளை அழுத்திப் பாருங்கள். தண்ணீர் வடியச் சரிவாகத் தளம் போட்ட குளியலறையில் ஒரு கால் தரையில் படாமலிருப்பது சகஜம். காலைத் திருகி மட்டம் செய்து, அதிலுள்ள லாக் நட்டை மெஷினின் அடிப்பக்கத்தோடு இறுக்க வேண்டும். இல்லையேல் அதிர்விலேயே கால் மறுபடி தளர்ந்துவிடும். சக்கரம் வைத்த ஸ்டாண்டு இருந்தால் எடுத்துவிடுங்கள்.

அடுத்து, துணியே இல்லாமல் ஸ்பின் ஓட்டுங்கள். அமைதியாக ஓடினால் குறை துணியில்: தனியாகப் போட்ட மிதியடி, உருண்டு திரண்ட போர்வை. இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் போட்டால் எடை பரவும். வெறும் டிரம்மே ஆடினால், அதைக் கீழே அழுத்தி விடுங்கள். உடனே நிற்காமல் நாலைந்து முறை துள்ளினால் ஷாக் அப்சார்பர் தேய்ந்திருக்கிறது. அதை மாற்ற மெக்கானிக் வர வேண்டும்.