பழைய மருத்துவமனைக்கு ஒரு கடிதம்

எதற்காகக் கேட்பது?

இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட ஒருவர் வேறு ஊரில் குடலிறக்க அறுவைக்குச் சேர்ந்தால், மருத்துவர் முதலில் கேட்பது ஸ்டென்ட் வைத்த தேதியையும் வகையையும்தான். பலர் ‘போன வருஷம்’ என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். சரியான விவரத்தை ஸ்டென்ட் வைத்த மருத்துவமனையின் ஆவணங்களிலிருந்துதான் பெற வேண்டும். மருந்து பூசிய ஸ்டென்ட் என்றால், அவசரமில்லாத அறுவையைப் பொதுவாக 6 மாதம் முதல் ஓராண்டு வரை தள்ளிவைப்பார்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை நிறுத்தலாமா என்பதும் அந்தத் தேதியைப் பொறுத்ததே. எத்தனை முறை சொன்னாலும், அறுவை என்றதும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட்டு வருபவர்கள் குறையவில்லை. ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்தால் மாரடைப்பு வரும்; உயிரும் போகலாம்.

தவறான நம்பிக்கைகள்

டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்றே போதும் என்பது முதல் தவறு. ஸ்டென்ட்டின் அளவும் எந்த ரத்தக்குழாயில் வைத்தார்கள் என்பதும் சிகிச்சைக் குறிப்பில்தான் முழுமையாக இருக்கும். அடைப்பைக் கண்ணால் பார்க்க ஆஞ்சியோ குறுந்தகடு வேண்டும்.

மறுபடி ஆஞ்சியோ எடுத்துக்கொண்டால் போயிற்று என்பது இன்னும் மோசமான எண்ணம். அதற்குச் செலுத்தும் சாயம், சர்க்கரை நோயால் ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்தை மேலும் கெடுக்கக்கூடும்.

கோப்பு மருத்துவமனையின் உடைமை, கேட்டாலும் தரமாட்டார்கள் என்றும் நம்புகிறார்கள். மூலக் கோப்பு அங்கேயே இருக்கும். நகல் கேட்பது நோயாளியின் உரிமை.

கடிதம்

மருத்துவக் கண்காணிப்பாளருக்கு, மருத்துவ ஆவணப் பிரிவின் பார்வைக்கு என்று எழுத வேண்டும். மேற்சொன்ன நோயாளியின் கடிதம் இப்படி அமையலாம்:

“நான் தங்கள் மருத்துவமனையில் 12.3.2024 முதல் 15.3.2024 வரை உள்நோயாளியாக இருந்தேன். உள்நோயாளி எண்: … . தற்போது குடலிறக்க அறுவைக்கு முன் இதய மருத்துவரின் ஆலோசனைக்காக என் டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்டென்ட் சிகிச்சைக் குறிப்பு, எக்கோ அறிக்கை ஆகியவற்றின் நகல்களும் ஆஞ்சியோ குறுந்தகடும் தேவை. இவற்றை என் மகன் … பெற்றுக்கொள்ள ஒப்புதல் அளிக்கிறேன். அவர் கையொப்பம் கீழே உள்ளது.”

நோயாளியின் கையொப்பமும் இருவரின் அடையாள அட்டை நகல்களும் சேர வேண்டும். பெயர் பழைய பதிவில் உள்ளபடியே இருக்கட்டும். ‘எல்லா ஆவணங்களும்’ என்று மொத்தமாக எழுதினால் பெரும்பாலும் சம்மரி மட்டுமே கைக்கு வரும். நோக்கத்தை எழுதாவிட்டால் காப்பீட்டுக்கா, வழக்குக்கா என்ற கேள்வியில் நாள் கடக்கும். நோயாளி நினைவிழந்திருந்தால், உறவுச் சான்றோடு நெருங்கிய உறவினர் எழுதலாம்.

72 மணி நேரமும் 3 ஆண்டும்

இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரமளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணம் தர வேண்டும். அதற்காகவே கடிதத்தின் நகலில் தேதியோடு ஒப்புகை வாங்குவது அவசியம். அதே விதிகளின்படி உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் காத்தால் போதும். அதன்பின் கோப்பு கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே தயவுசெய்து வீடு திரும்பும் நாளிலேயே குறுந்தகட்டையும் சிகிச்சைக் குறிப்பையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.