சங்கிலியா, சம்பளமா?

மருத்துவமனைக் கவுன்ட்டரில் ரசீதை நீட்டுகிறார்கள். அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிவு, நாளைக் காலை அறுவை சிகிச்சை, இன்றைக்கே 3 லட்சம் கட்ட வேண்டும். மகனுக்கு மாதச் சம்பளம் 40,000. வீட்டில் ஐந்தாறு பவுன் நகை இருக்கிறது. மனைவி கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்க்கிறார். கணவரின் போனில், “உங்களுக்கு 3 லட்சம் பெர்சனல் லோன் தயார்” என்று ஒரு வாரமாகவே குறுஞ்செய்தி வந்துகொண்டிருக்கிறது.

அந்த நேரத்தில் பெரும்பாலும் எழும் கேள்வி, “எதில் வட்டி குறைவு?” என்பதுதான். அதைவிட முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த 3 லட்சம் எந்த வழியில், எத்தனை நாளில் திரும்பி வரப்போகிறது? மொத்தமாக வருமா, சம்பளத்தில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கட்டப் போகிறோமா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் எந்தக் கடன் என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

முதலில் மொத்தமாக வரும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு மாதத்தில் சீட்டுப் பணம் கைக்கு வரும், அல்லது காப்பீட்டுப் பணம் வரும். வங்கி நகைக்கடனுக்கு ஆண்டு வட்டி 10 சதவீதம் என்று கொண்டால், 3 லட்சத்துக்கு மாதம் 2,500 ரூபாய். நான்கு மாதத்துக்கு 10,000. நகை மதிப்பீட்டுக் கட்டணம் என்று சில நூறு ரூபாய் கூடும். நான்காம் மாதம் அசலையும் வட்டியையும் கட்டி நகையைத் திருப்பிவிடலாம்.

அதே பணத்தை 15 சதவீத வட்டியில், மூன்று ஆண்டுத் தவணையில் பெர்சனல் லோனாக வாங்கினால் கணக்கு வேறு. பரிசீலனைக் கட்டணம் 2 சதவீதம், அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆக 7,080 ரூபாயைக் கழித்துக்கொண்டு 2,92,920தான் கணக்கில் வரவு வைப்பார்கள். மாதத் தவணை சுமார் 10,400. நான்கு மாதம் கட்டிய பிறகும் 2,73,000 ரூபாய் அளவுக்கு அசல் பாக்கி நிற்கும், ஏனென்றால் ஆரம்பத் தவணைகளில் வட்டிக்குப் போகும் பங்கு பிந்தைய தவணைகளைவிட அதிகம். சீட்டுப் பணத்தைக் கொண்டுபோய் மொத்தமாக முடிக்கப் போனால், முன்கூட்டியே அடைப்பதற்குக் கட்டணம் கேட்பார்கள். நிலையான வட்டிக் கடன்களுக்கு இப்படி ஒரு கட்டணம் இருப்பது வழக்கம். அது 4 சதவீதம் என்றால் வரியோடு சேர்த்து ஏறக்குறைய 12,900. நான்கு மாத வட்டி 14,500. எல்லாம் கூட்டினால் 34,000க்கு மேல் போகிறது. ஆறு மாதமோ ஒரு வருடமோ தவணை கட்டாமல் முன்கூட்டியே முடிக்கவே விடாத நிறுவனங்களும் உண்டு. குறுகிய காலத் தேவைக்குப் பெர்சனல் லோன் வாங்கியவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். வட்டி விகிதத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டு கட்டணங்களும் கண்ணில் படுவதில்லை.

இப்போது இரண்டாவது நிலைமை. எந்தப் பெரிய பணமும் வரப்போவதில்லை, சம்பளம்தான் ஒரே வழி. இங்கேதான் குறைந்த வட்டி நகைக்கடன் நம்மைச் சிக்க வைக்கிறது. பெரும்பாலான நகைக்கடன்களில் மாதத் தவணை கிடையாது. 12 மாதம் கழித்து அசலும் வட்டியும் சேர்த்து ஒரே தடவையில் கட்ட வேண்டும். மாதாமாதம் யாரும் போன் செய்து கேட்பதில்லை. கேட்காததால் பணம் வேறு செலவுகளுக்குப் போய்விடுகிறது. ஆண்டு முடிவில் 3,30,000 ரூபாய் எங்கே இருக்கும்? வட்டி 30,000த்தை மட்டும் புரட்டிக் கட்டி, நகையை மறுபடி வைக்கிறார்கள். அடுத்த ஆண்டும் அதே. மூன்று ஆண்டில் 90,000 ரூபாய் வட்டி போயிருக்கும், 3 லட்சம் அசலில் ஒரு ரூபாயும் குறைந்திருக்காது. பெர்சனல் லோனில் மூன்று ஆண்டுக்கு வட்டி 74,400, கட்டணத்தோடு சேர்த்து 81,500. ஆனால் மூன்றாம் ஆண்டு முடிவில் அந்தக் கடன் தீர்ந்துவிட்டது. 10 சதவீதக் கடன் 15 சதவீதக் கடனைவிட அதிகம் பிடுங்கியிருக்கிறது, நகையும் இன்னும் வங்கிப் பெட்டகத்தில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்த ஆண்டு முடிவு எவ்வளவு பேருக்குப் பதற்றம் தருகிறது என்பது 2025 மே மாதம் தெரிந்தது. நகைக்கடன் விதிகளை இறுக்கும் ரிசர்வ் வங்கியின் வரைவுக்கு இங்கே எல்லாத் தரப்பிலும் எதிர்ப்பு எழுந்தது. அந்த ஜூன் மாதம் வந்த இறுதி நெறிமுறைகள் ஓரளவு தளர்ந்தன. 2026 ஏப்ரல் 1க்குள் அவை நடைமுறைக்கு வர வேண்டும் என்பது உத்தரவு. மொத்தமாகக் கட்டும் நகைக்கடனைப் புதுப்பிக்க வேண்டுமானால், சேர்ந்திருக்கும் வட்டியைக் கட்டியே ஆக வேண்டும் என்று அவை சொல்கின்றன. சொந்தச் செலவுக்கான இத்தகைய கடனுக்கு 12 மாதம்தான் உச்ச வரம்பு.

எத்தனை பவுன் வைக்க வேண்டும் என்பதையும் அதே நெறிமுறைகள் தீர்மானிக்கின்றன. சொந்தச் செலவுக்கான கடன் இரண்டரை லட்சம் வரை என்றால் நகை மதிப்பில் 85 சதவீதம், ஐந்து லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம் தரலாம். மொத்தமாகக் கட்டும் கடனில், ஆண்டு முடிவில் வட்டியோடு சேர்ந்து நிற்கும் தொகைதான் கணக்கு. நம் கதையில் அது 3,30,000. அதைத் தாங்க 4,12,500 ரூபாய் மதிப்புள்ள தங்கம் வேண்டும். கணக்குக்கு எளிதாக ஒரு கிராம் 10,000 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால், 41 கிராமுக்குச் சற்று மேல், ஐந்தே கால் பவுன் அளவு. இது கல், அரக்கு, கயிறு எல்லாம் கழித்த சுத்த எடை. கல் வைத்த நெக்லஸை எடுத்துப் போனவர்கள் கவுன்ட்டரில் திகைத்து நிற்பது இதனால்தான். வாங்கும்போது கல்லுக்கும் செய்கூலிக்கும் கொடுத்த பணத்துக்கு அடகில் மதிப்பே இல்லை. மதிப்பீட்டாளர் உரைத்துப் பார்க்கும்போது நாம் எதிரிலேயே இருக்க வேண்டும் என்பது விதி. கழித்த எடை எவ்வளவு, ஏன் என்று அங்கேயே கேட்டு, ரசீதில் மொத்த எடையும் சுத்த எடையும் தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

கட்டத் தவறினால் என்ன ஆகும்? இரண்டிலும் கடன் மதிப்பெண் விழும். நகைக்கடன் சிபிலில் ஏறாது என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. வித்தியாசம் அதற்குப் பிறகுதான் வருகிறது. பெர்சனல் லோனில் எடுத்துக்கொள்ள அவர்களிடம் பொருள் இல்லை. அதனால் போன், வீட்டு வாசல், வக்கீல் நோட்டீஸ் என்று நெருக்குவார்கள். வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் தொடர்புகொள்ளக் கூடாது. போனில் உள்ள தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்கும் கடன் செயலி விதியை மீறுகிறது. அதை அந்த நிமிடமே நீக்கிவிடுங்கள், எவ்வளவு அவசரமானாலும்.

நகைக்கடனில் நெருக்குதல் குறைவு. நேராக ஏலம். முன்னறிவிப்புக் கொடுத்து, செய்தித்தாளில் விளம்பரம் செய்து, நகையின் அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையாத தொடக்க விலை வைக்க வேண்டும். இரண்டு முறை ஏலம் போகாவிட்டால்தான் அதை 85 ஆகக் குறைக்கலாம். கடன் போக மிஞ்சியதை ஏழு வேலை நாளுக்குள் நமக்குத் தர வேண்டும். விதியில் இவ்வளவு பாதுகாப்பு இருந்தும் நகை போய்விடுவதற்கு ஒரு சாதாரணக் காரணம் உண்டு. வீடு மாறியிருப்பார்கள், போன் எண் மாறியிருக்கும், நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போயிருக்கும். எண்ணோ வீடோ மாறினால் கேஸ் சிலிண்டர் ஏஜென்சிக்குச் சொல்வதற்கு முன் நகை வைத்த கிளைக்குச் சொல்லுங்கள். தெருமுனை அடகுக் கடைகளுக்கு இந்த ரிசர்வ் வங்கி விதிகள் எதுவும் பொருந்தாது. அங்கே நூற்றுக்கு இரண்டு என்று சொல்வது மாத வட்டி, ஆண்டுக்கு 24 சதவீதம்.

பெர்சனல் லோன்தான் ஒரே வழி என்ற நிலையும் வரும். வீட்டில் நகை இல்லாமல் இருக்கலாம், ஞாயிறு இரவாக இருக்கலாம், நகை மாமியார் வீட்டில் இருக்கலாம். அப்போது கையெழுத்துக்கு முன் தரப்படும் முக்கிய விவரப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபர் முதல் அது கட்டாயம். அதில் ஆண்டு மொத்தச் செலவு விகிதம் என்று ஒரு எண் இருக்கும். நாம் பார்த்த 15 சதவீதக் கடனில், பரிசீலனைக் கட்டணத்தையும் சேர்த்தால் அது 16.7 ஆகிவிடுகிறது. இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும்போது அந்த எண்ணை மட்டும் ஒப்பிட்டால் போதும்.

சம்பளம் மட்டுமே வழி, நகையும் இருக்கிறது என்றால், நான் சொல்வது நகைக்கடனைத்தான், ஆனால் ஒரு நிபந்தனையோடு. வங்கி நகைக்கடனில் பொதுவாக எந்த நாளும் எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம், மிச்சத்துக்குத்தான் வட்டி. எடுக்கும் முன் இதைக் கேட்டு உறுதி செய்துகொண்டு, சம்பளம் ஏறும் நாளிலேயே 9,700 ரூபாய் கடன் கணக்குக்குத் தானாகப் போகும்படி ஏற்பாடு செய்துவிட வேண்டும். பெர்சனல் லோன் தவணையைவிட 700 ரூபாய் குறைவு. ஆண்டு முடிவில் புதுப்பிக்கப் போகும்போது 2,10,000 அளவுதான் பாக்கி இருக்கும். இப்படியே மூன்று ஆண்டு கட்டினால் மொத்த வட்டி 48,500க்குள் அடங்கிவிடும். தானாகப் போகும் ஏற்பாட்டைச் செய்ய மனமில்லாதவர்கள், கையில் இருப்பதெல்லாம் செலவாகிவிடும் என்று தங்களைப் பற்றித் தெரிந்தவர்கள், பெர்சனல் லோனையோ தவணை முறை நகைக்கடனையோ எடுப்பதே நல்லது. கூடுதல் வட்டி கொடுத்தாலும் கடன் முடியும்.

இன்னொன்று. எல்லா நகையையும் ஒரே ரசீதில் வைத்தால், பாதி அசல் கட்டினாலும் ஒரு மோதிரத்தைக்கூடத் திரும்ப எடுக்க முடியாமல் போகலாம். அதனால் இரண்டு ரசீதாகப் பிரித்து வையுங்கள். ஒன்றில் அடிக்கடி தேவைப்படும் சங்கிலி, 90,000 ரூபாய்க்கு. மற்றதில் மிச்ச நகை, 2,10,000க்கு. மாதம் 9,700 ரூபாயில் பெரிய ரசீதுக்கு வட்டியாக 1,750ஐ மட்டும் கட்டிவிட்டு, மீதி 7,950ஐச் சங்கிலி ரசீதில் போட்டுவந்தால், பன்னிரண்டாம் மாதம் அந்த ரசீது தீர்ந்துவிடும். கடன் முடிந்த அன்றே, அதிகபட்சம் ஏழு வேலை நாளுக்குள் சங்கிலியைத் திருப்பித் தர வேண்டும். தவறு அவர்கள் பக்கம் இருந்து தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு நமக்கு.