ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண் அறிக்கையின் செல்லுபடிக் காலமும் இணையவழிச் சரிபார்ப்பும்

ஐ.இ.எல்.டி.எஸ். என்பது ஆங்கிலத்தில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்கு திறன்களையும் அளக்கும் பன்னாட்டுத் தேர்வு. இதைப் பிரிட்டிஷ் கவுன்சில், ஐ.டி.பி., கேம்பிரிட்ஜ் ஆகிய மூன்று அமைப்புகளும் கூட்டாக நடத்துகின்றன. தேர்வு எழுதியவருக்கு வழங்கப்படும் மதிப்பெண் சான்று 'தேர்வு அறிக்கைப் படிவம்' எனப்படும். இதன் ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு டி.ஆர்.எஃப். என்று அழைப்பது வழக்கம்.

செல்லுபடிக் காலம்

இத்தேர்வில் தேர்ச்சி, தோல்வி என்று எதுவும் இல்லை. 0 முதல் 9 வரையிலான அளவுகோலில் மதிப்பெண் மட்டுமே தரப்படுகிறது. மொழித்திறன் பயன்படுத்தாவிட்டால் குறையக்கூடியது. ஆகவே, தேர்வு நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட மதிப்பெண்ணை ஏற்க வேண்டாம் என்று தேர்வு நடத்துவோர் பரிந்துரைக்கின்றனர்.

இது பரிந்துரை மட்டுமே. இறுதி முடிவு அறிக்கையைப் பெறும் நிறுவனத்துடையது. சான்றாக, கனடாவின் நிரந்தர வசிப்புரிமைத் திட்டமான எக்ஸ்பிரஸ் என்ட்ரியில், விவரக்குறிப்பைப் பதியும்போதும் விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும்போதும் மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். ஒருவர் 2023 மார்ச் 10 அன்று தேர்வு எழுதினார் என்று கொள்வோம். 2025 சனவரி 20 அன்று அவருக்கு அழைப்பு வருகிறது. விண்ணப்பிக்க 60 நாள் இருப்பதால் அவர் மார்ச் 15 வரை காத்திருந்தால், கெடுவுக்குள் விண்ணப்பித்தும் மதிப்பெண் காலாவதியாகி இருக்கும். எனவே நாளைக் கணக்கிடும்போது, அறிக்கை கைக்கு வந்த நாளை அல்ல, அதில் அச்சிடப்பட்ட தேர்வு நாளையே பார்க்க வேண்டும்.

குறிப்பெண்

அறிக்கையின் அடிப்பகுதியில், வலப்புறம், எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு நீண்ட எண் இருக்கும். இதுவே டி.ஆர்.எஃப். எண். கீழே உள்ளது கற்பனையான எடுத்துக்காட்டு:

```
22IN001234KUMR001A
```

22 என்பது ஆண்டையும், IN என்பது நாட்டையும், 001234 என்பது தேர்வர் எண்ணையும் குறிக்கின்றன. KUMR என்பது தேர்வரின் பெயரிலிருந்து எடுத்த எழுத்துகள். 001 தேர்வு மையத்தின் எண். இறுதியிலுள்ள A, உயர்கல்விக்கான அகாடமிக் பிரிவைக் காட்டுகிறது. ஜெனரல் டிரெய்னிங் பிரிவாயின் G என்று இருக்கும்.

சரிபார்க்கும் முறை

பல்கலைக்கழகம் போன்ற நிறுவனம் முதலில் ஐ.இ.எல்.டி.எஸ். அமைப்பில் பதிவுசெய்து, முடிவுச் சரிபார்ப்புச் சேவைக்கான கணக்கைப் பெறுகிறது. இச்சேவைக்குக் கட்டணம் இல்லை. ஊழியர் அறிக்கையிலுள்ள எண்ணை உள்ளிட்டதும், தேர்வு நடத்துவோரின் தரவுத்தளத்தில் உள்ள மதிப்பெண்கள் திரையில் தோன்றும். அவற்றைக் கையிலுள்ள படிவத்துடன் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். இச்சேவை நிறுவனங்களுக்கு மட்டுமே உரியது. தேர்வர்கள் இதில் நுழைய முடியாது.

ஒரு மாணவரின் படிவத்தில் கேட்டல் 6.5, வாசித்தல் 6.5, எழுதுதல் 6.5, பேசுதல் 6.0, மொத்தம் 6.0 என்று இருப்பதாகக் கொள்வோம். நான்கின் கூடுதல் 25.5, சராசரி 6.375. சராசரி அருகிலுள்ள அரை மதிப்பெண்ணுக்கு முழுமையாக்கப்படும் என்பதால் மொத்தம் 6.5 என்றே இருந்திருக்க வேண்டும். எனவே ஐயம் எழுகிறது. எண்ணை உள்ளிட்டுப் பார்த்தால், எழுதுதல் 5.5 என்று திரை காட்டுகிறது. அப்போது கூடுதல் 24.5, சராசரி 6.125, மொத்தம் 6.0. யாரோ எழுதுதல் மதிப்பெண்ணை மட்டும் திருத்திவிட்டு, மொத்தத்தை மாற்ற மறந்திருக்கிறார். மொத்தத்தையும் 6.5 எனத் திருத்தியிருந்தால் கணக்கு பொருந்தியிருக்கும்; இணையச் சரிபார்ப்பு மட்டுமே அதைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

பொருந்தாதபோது

பொருந்தாத முடிவெல்லாம் மோசடி ஆகாது. O என்ற எழுத்தையும் 0 என்ற இலக்கத்தையும், I என்ற எழுத்தையும் 1 என்ற இலக்கத்தையும் மாற்றித் தட்டச்சு செய்தால் பதிவு கிடைக்காது. மங்கலான ஒளிநகலில் இது எளிதில் நேரும். இரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய முடிவும் கிடைக்காமல் போகலாம். மேலும், தேர்வர் ஆறு வாரங்களுக்குள் மறுமதிப்பீடு கேட்டு மதிப்பெண் மாறினால் புதிய அறிக்கை தரப்படும். பழைய தாளை அனுப்பியவருக்குத் திரையில் வேறு மதிப்பெண் இருக்கும். ஆகவே நிறுவனம் முதலில் எண்ணை மீண்டும் உள்ளிட்டு, அதன் பின் விண்ணப்பதாரரிடம் விளக்கம் கேட்பதே முறை.

சரிபார்ப்புக்கும் ஓர் எல்லை உண்டு. அறிக்கை உண்மையானது என்பதை மட்டுமே அது உறுதிசெய்யும். விண்ணப்பிப்பவரே தேர்வு எழுதியவரா என்பதை அறிய, அறிக்கையிலுள்ள ஒளிப்படத்தையும் பிறந்த நாளையும் கடவுச்சீட்டுடன் தனியே ஒப்பிட வேண்டும். தேர்வர்கள் தம் டி.ஆர்.எஃப். எண்ணைச் சமூக ஊடகங்களில் வெளியிடாதிருப்பது நல்லது. உண்மையான எண்ணை எடுத்து, வேறு பெயரும் ஒளிப்படமும் ஒட்டிப் போலிப் படிவம் தயாரிக்க அது உதவிவிடும்.