மூலையைத் தாண்டிய பின் வரும் அலைகள்

3டி பிரிண்டரில் அச்சிட்ட ஒரு கனசதுரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மூலையை ஒட்டிச் சுவரில் மெல்லிய வரிகள் தெரியும். தள்ளிப் போகப் போக மங்கி மறையும். சுவரில் எழுத்து பொறித்திருந்தால், அதன் சாயல் பக்கத்திலேயே இரண்டு மூன்று முறை படிந்திருக்கும். இதற்கு ரிங்கிங் என்று பெயர். கோஸ்டிங் என்பவர்களும் உண்டு.

பிளாஸ்டிக் இழையைக் குறை சொல்லிப் பயனில்லை. நாசிலைச் சுமக்கும் தலைப்பகுதியை மோட்டார் ஒரு ரப்பர் பெல்ட் வழியாகத்தான் இழுக்கிறது. பெல்ட்டும் சட்டமும் கொஞ்சம் நெகிழும். X திசையில் விநாடிக்கு 100 மி.மீ. வேகத்தில் வந்த தலை, மூலையில் Y திசைக்குத் திரும்ப வேண்டும். மோட்டார் நின்றுவிடும், கனமான தலையோ சற்று முந்திப்போய், பெல்ட் பின்னுக்கு இழுக்க, முன்னும் பின்னுமாக ஆடும். அந்த ஆட்டத்தோடேயே நாசில் Y திசையில் சுவரைப் போட்டுக்கொண்டு போவதால், ஆட்டம் அலையாகப் பதிந்துவிடுகிறது. ஆக, X திசைக் கோளாறு தெரிவது Y திசையில் ஓடும் சுவரில்தான். அளக்கும்போது பலர் தடுமாறுவது இந்த இடத்தில்.

அளக்க வெர்னியர் காலிப்பர் போதும். 100 மி.மீ. வேகத்தில் போட்ட சுவரில் 6 அலைகள் 12 மி.மீ. தூரத்தில் அடங்கினால், ஓர் அலைக்கு 2 மி.மீ. அந்தத் தூரத்தைக் கடக்க 0.02 விநாடி, அதாவது விநாடிக்கு 50 ஆட்டம்: 50 ஹெர்ட்ஸ். மூலையை ஒட்டிய முதல் ஓரிரு அலைகளை மட்டும் விட்டுவிட வேண்டும்; அங்கே தலை முழு வேகத்தை எட்டியிருக்காது.

ஆனால் 2 மி.மீ. என்று வந்தால் எனக்கு ஒரு சந்தேகம் வரும். பரவலாகப் புழங்கும் ஜிடி2 பெல்ட்டின் பற்களும் 2 மி.மீ. இடைவெளியில்தான் இருக்கின்றன. அதனால் வேகத்தைப் பாதியாக்கி இன்னொன்று அச்சிட வேண்டும். அலை 1 மி.மீ. ஆகச் சுருங்கினால் அது ரிங்கிங். 2 மி.மீ. ஆகவே நின்றால் பெல்ட்டின் பல் விட்ட தடம். கீழே சொல்லும் எந்த வைத்தியமும் அதற்குப் பலிக்காது.

முதல் வைத்தியம், முடுக்கத்தைக் குறைப்பது. 50 ஹெர்ட்ஸில் ஆடும் தலையை 3000 மி.மீ./விநாடி² முடுக்கத்தில் இழுத்தால் பெல்ட் ஏறக்குறைய 0.03 மி.மீ. நெகிழ்கிறது. அவ்வளவுதான், ஆனாலும் பளபளப்பான சுவரில் கண்ணில் பட்டுவிடும். 1000 ஆக்கினால் நெகிழ்வு 0.01 மி.மீ.; அலை ஏறத்தாழக் காணாமல் போகும். விலை, நேரம். 100 மி.மீ. வேகத்தை எட்டவே 5 மி.மீ. ஓட வேண்டும், நிற்க இன்னொரு 5 மி.மீ. 20 மி.மீ. சுவரில் பாதித் தூரம் இதற்கே போய்விடும்.

இன்னொரு வழி இன்புட் ஷேப்பிங். கிரேனில் தொங்கும் சுமையை நினைத்துக்கொள்ளுங்கள். கைதேர்ந்த ஆபரேட்டர் ஒரே மூச்சில் கிளப்ப மாட்டார். பாதி வேகத்தில் கிளம்பி, சுமை ஓர் ஆட்டத்தில் பாதியை முடிக்கும் கணத்தில் மீதி வேகத்தைக் கொடுப்பார். இரண்டாவது இழுப்பு எழுப்பும் ஆட்டம் முதலாவதற்கு நேர் எதிராக அமைந்து இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். கிளிப்பர் போன்ற பிரிண்டர் மென்பொருள்கள் செய்வதும் இதையே. 50 ஹெர்ட்ஸுக்கு ஓர் ஆட்டம் 20 மில்லி விநாடி. எனவே கட்டளையை இரண்டாகப் பிரித்து, மறுபாதியை 10 மில்லி விநாடி தள்ளி அனுப்பும். இந்த எளிய வகைக்கு ZV என்று பெயர். அளந்த எண் சற்றுப் பிசகினாலும் தாங்கும் MZV வகையைத்தான் பலர் வைக்கிறார்கள்:

```
[input_shaper]
shaper_freq_x: 50
shaper_type_x: mzv
```

Y திசையைத் தனியாக அளந்து அதற்கும் இதேபோல் எழுத வேண்டும்.

இதை வைத்தால் முடுக்கத்தை இஷ்டத்துக்கு ஏற்றலாம் என்று நினைப்பது தவறு. கட்டளையைக் காலத்தில் பரப்புவதால் கூரான மூலை கொஞ்சம் மழுங்கும். முடுக்கம் கூடக் கூட மழுங்கலும் கூடும். 25 ஹெர்ட்ஸிலேயே ஆடும் தளர்வான இயந்திரத்தில் பரப்பும் நேரம் இரட்டிப்பாகி, அதே முடுக்கத்தில் மழுங்கல் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. எழுத்துகளின் விளிம்பு குழைந்து, மெல்லிய இடுக்குகள் தூர்ந்துபோனால், முடுக்கத்துக்கு வரம்பு வைத்தே ஆக வேண்டும்.

மேசையே Y திசையில் ஓடும் பிரிண்டர்களில் இன்னொரு சிக்கல். அச்சிடும் பொருள் வளர வளர மேசையின் எடை கூடி, அதிர்வெண் இறங்கும். அடிப்பகுதி வழவழப்பாகவும் மேல்பகுதி அலையோடும் வந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். Y திசைக்குப் பிசகை இன்னும் அதிகம் பொறுக்கும் EI வகையை வைத்து, முடுக்கத்தையும் ஒரு படி இறக்கலாம். அதற்கு முன் பெல்ட்டின் இறுக்கத்தையும் திருகாணிகளையும் பார்த்துவிடுங்கள். அவற்றை முறுக்கினால் அதிர்வெண் மாறும். அளந்த எண் செல்லாது, மறுபடி அளக்க வேண்டும்.