1000 யாருடைய எண்?

உறவினர் ஒருவரின் சிறிய அச்சகத்தில் இரண்டு லினக்ஸ் கணினிகள். உள்ளறையில் இருப்பது சர்வர். எல்லா வேலைகளும் அதிலுள்ள ஒரே ஃபோல்டரில் கிடக்கின்றன. பில் போடுபவர் அதன் முன்னால்தான் உட்காருவார். முன்னறையில் இருப்பது வடிவமைப்பவரின் கணினி; சர்வரின் ஃபோல்டர் என்.எஃப்.எஸ். வழியாக அதிலும் தெரியும். பில் போடுபவரை மணி என்றும் வடிவமைப்பவரை செல்வி என்றும் வைத்துக்கொள்வோம்.

ஒரு மாதக் கடைசியில் மணி முன்னறைக் கணினியில் தன் பெயரில் நுழைந்து, தான் எழுதிய பில் கோப்பைத் திறக்கப் பார்த்தார். அனுமதி இல்லை என்றது கணினி. கோப்பின் உரிமையாளர் என்று அது காட்டிய பெயர் செல்வி. சோதித்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது: மணி மட்டுமே பார்க்க வேண்டிய அந்தக் கோப்பு, செல்வியின் பெயரில் நுழைந்தால் தடையில்லாமல் திறந்தது. ‘ஹேக் பண்ணிட்டாங்களா?’ என்று உறவினர் பதறிப்போனார். இரண்டு கணினியிலும் ஒரே கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன்.

```
ls -ln bill.ods
-rw------- 1 1000 1000 48213 ...
```

`ls -l` உரிமையாளரின் பெயரைக் காட்டும். கூடவே `n` சேர்த்தால் பெயருக்குப் பின்னால் இருக்கும் எண்ணைக் காட்டும். இரண்டு கணினியிலும் எண் ஒன்றுதான், 1000. அந்த எண்ணுக்கு இரண்டு கணினிகளும் வைத்திருந்த பெயர்தான் வேறு.

லினக்ஸ் தன் வட்டில் கோப்போடு சேர்த்து எழுதிவைப்பது உரிமையாளரின் எண்ணை மட்டுமே. நம் கண்ணுக்குத் தெரியும் பெயர், `/etc/passwd` என்ற கோப்பைப் பார்த்து அந்தந்தக் கணினி அப்போதைக்கப்போது போட்டுத் தருவது. டெபியன், உபுண்டு போன்றவற்றில் முதலில் உருவாக்கும் பயனருக்கு 1000, அடுத்தவருக்கு 1001 என்று எண் விழும். சர்வரில் முதலில் மணியைச் சேர்த்திருந்தார்கள். முன்னறைக் கணினியில் முதலில் செல்வியை. கோளாறு அவ்வளவுதான்.

என்.எஃப்.எஸ். 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் உருவானது. அதன் வழக்கமான முறையில், க்ளையன்ட் கணினி ‘என் பயனர் எண் இது’ என்று ஒவ்வொரு கோரிக்கையோடும் சொல்லி அனுப்பும். சர்வர் அதைச் சரிபார்ப்பதில்லை, அப்படியே நம்பும். கடவுச்சொல் எதுவும் அந்த வழியில் போவதில்லை. ஆகவே எல்லாக் கணினியிலும் ஒருவருக்கு ஒரே எண் இருந்தாக வேண்டும். இதற்காகவே சன் நிறுவனம் பயனர் பட்டியலை ஓரிடத்தில் வைத்துப் பகிர ‘எல்லோ பேஜஸ்’ என்ற சேவையையும் தந்தது; பின்னாளில் அதன் பெயர் என்.ஐ.எஸ். ஆனது. பெரிய அலுவலகங்களில் இன்று அந்த வேலையை எல்.டி.ஏ.பி. செய்கிறது. இரண்டு கணினி இருக்கும் இடத்துக்கு அவ்வளவு தேவையில்லை, எண்ணைக் கையால் மாற்றினால் போதும்.

1000, 1001 என்ற எண்களையே இடம் மாற்றினால் பாதி வழியில் குழம்பிவிடும். இருவருக்கும் எங்கும் பயன்படாத புது எண் கொடுத்தேன்: மணிக்கு 3001, செல்விக்கு 3002. இருவரும் வெளியேறிய பிறகு, இரண்டு கணினியிலும் ரூட்டாக நுழைந்து இதைச் செய்தேன்.

```
usermod -u 3001 mani
groupmod -g 3001 mani
```

செல்விக்கும் இதேபோல. பழைய எண் தாங்கிய கோப்புகளில், பயனரின் சொந்த ஹோம் ஃபோல்டரில் உள்ளவற்றுக்கு `usermod` தானே புது உரிமையாளர் எண்ணைப் போட்டுவிடும். பகிர்ந்த ஃபோல்டரைத் தொடாது, அதை நாம்தான் மாற்ற வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. எண் 1000 உள்ள கோப்புகளையெல்லாம் தேடி மணிக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் செல்வி முன்னறையிலிருந்து உருவாக்கிய கோப்புகளும் சர்வரில் 1000 என்றுதான் பதிவாகியிருக்கின்றன. எண்ணை வைத்து யாருடையது என்று இனிமேல் கண்டுபிடிக்கவே முடியாது. நல்லவேளை, பில்களும் வடிவமைப்புகளும் தனித்தனி ஃபோல்டர்களில் இருந்தன. ஃபோல்டர் வாரியாகப் பிரித்துக் கொடுத்தேன்.

```
chown -R 3001:3001 /srv/velai/bill
chown -R 3002:3002 /srv/velai/vadivam
```

இந்தக் கட்டளையை முதலில் முன்னறையிலிருந்தே கொடுத்துப் பார்த்தார் உறவினர். ரூட்டாக நுழைந்தும் அனுமதி மறுக்கப்பட்டது. இது கோளாறு இல்லை, காவல். சர்வரின் `/etc/exports` கோப்பில் இருந்தது இந்த ஒரே வரி:

```
/srv/velai 192.168.1.0/24(rw,sync,no_subtree_check)
```

இதில் எழுதாவிட்டாலும் `root_squash` என்பது தானாகவே அமலில் இருக்கும். `exportfs -v` கொடுத்தால் தெரியும். ரூட்டின் எண் 0. க்ளையன்ட்டிலிருந்து 0 என்று வரும் கோரிக்கையை சர்வர் 65534 என்று மாற்றிக்கொள்கிறது. அந்த எண்ணின் பெயர் `nobody`, அதாவது யாருமில்லை. முன்னறைக் கணினியில் முழு அதிகாரம் உள்ளவர், சர்வரின் வாசலில் யாருமில்லாதவராகி விடுகிறார். எல்லோரும் எழுதக்கூடிய ஃபோல்டரில் `sudo` போட்டுக் கோப்பை நகலெடுத்தால் உரிமையாளர் `nobody` என்று வருவதும் இதனால்தான்.

இதற்கு மருந்தாகப் பலர் உடனே எழுதுவது `no_root_squash`. வேண்டாம் என்பேன். அதை எழுதினால், க்ளையன்ட்டில் ரூட் அதிகாரம் உள்ள எவரும் பகிர்ந்த ஃபோல்டரில் ரூட்டுக்குச் சொந்தமான, செட்யுஐடி அடையாளம் இட்ட ஒரு நிரலை வைத்துவிடலாம். சர்வரில் சாதாரணப் பயனர் ஒருவர் அதை இயக்கினால் அது ரூட்டாக ஓடும். பேக்கப் எடுக்கத்தான் ரூட் வேண்டுமென்றால், அதை சர்வரிலேயே ஓடவிடுங்கள்.

ரூட் ஸ்குவாஷ் தடுப்பது எண் 0 ஒன்றைத்தான். முன்னறையில் ரூட்டாக இருப்பவர் `su mani` என்று மணியாக மாறிக்கொண்டால் 3001 என்ற எண்ணோடு போய்க் கதவைத் தட்டலாம், சர்வர் திறந்துவிடும். வந்திருப்பது யார் என்று உண்மையிலேயே சரிபார்க்க கெர்பரோஸ் வேண்டும், அதாவது `sec=krb5`. இல்லையென்றால் நம்பிக்கையான கணினிகளுக்கு மட்டுமே ஃபோல்டரைத் திறந்துவிட வேண்டும்.

`nobody` என்ற பெயர் இன்னொரு காரணத்தாலும் வரும். என்.எஃப்.எஸ். நான்காம் பதிப்பில் உரிமையாளரைப் பெயரும் டொமைனும் சேர்ந்த சொல்லாகவும் அனுப்பலாம். `/etc/idmapd.conf` கோப்பில் இரு பக்கமும் டொமைன் பெயர் ஒத்துப்போகவில்லை என்றால், பெயரை அடையாளம் காண முடியாமல் க்ளையன்ட் `nobody` என்று காட்டும். புதிய லினக்ஸ் கெர்னல்கள் சாதாரண முறையில் எண்ணையே அனுப்புவதால் இது குறைந்துவிட்டது. பழைய சர்வர்களிலும் கெர்பரோஸ் உள்ள இடங்களிலும் இன்னும் வரும். இரண்டையும் பிரித்தறிவது சுலபம். சர்வரில் `ls -ln` போட்டுப் பாருங்கள். அங்கேயும் 65534 என்று இருந்தால் ஸ்குவாஷின் வேலை. அங்கே சரியான எண் இருந்து க்ளையன்ட்டில் மட்டும் `nobody` என்றால் டொமைன் பெயரைத் திருத்துங்கள், பிறகு க்ளையன்ட்டில் `nfsidmap -c` கொடுத்துப் பழைய நினைவை அழியுங்கள்.

உங்கள் இடத்திலும் உரிமையாளர் மாறித் தெரிந்தால், `chown` பக்கம் போகாமல் முதலில் இரண்டு கணினியிலும் எண்ணைப் பாருங்கள். தவறான பெயரை நம்பி ஒருமுறை `chown -R` கொடுத்துவிட்டால், எது யாருடையது என்பதற்கு சர்வரில் மிச்சமிருக்கும் கொஞ்ச அடையாளமும் அழிந்துபோகும்.